மருமகள், தாய், மில் ஊழியர்: ஒரே பெண்ணிடம் மோதும் மூன்று பங்குகள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர்தான். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியது முதல் இந்த வட்டாரத்தின் வாழ்க்கை நூற்பாலைகளோடு பிணைந்து விட்டது. பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவத்துக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். இந்தத் தொழில்கள் எல்லாவற்றிலும் பெண்களின் உழைப்பு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் வீட்டுக்குப் போனதும் மருமகளாகவும் தாயாகவும் மறுபடி வேலையைத் தொடங்குபவர்கள்.

இந்த நிலையைச் சமூகவியல் இரண்டு சொற்களால் விளக்குகிறது. ஒன்று பங்கு மோதல், மற்றொன்று பங்கு நெருக்கடி. இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் வேறு வேறு. எது என்று தெரியாமல் மருந்து தேடினால் பிரச்சினை தீராது. எனவே முதலில் இவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

மோதல் வேறு, நெருக்கடி வேறு

சமூகத்தில் ஒருவருக்கு இருக்கும் இடத்தை 'அந்தஸ்து' என்றும், அந்த இடத்தில் இருப்பவரிடம் மற்றவர்கள் எதிர்பார்க்கும் நடத்தையைப் 'பங்கு' என்றும் சமூகவியலில் சொல்வார்கள். மருமகள் என்பது ஓர் அந்தஸ்து. விடிவதற்குள் எழுவது, விருந்தாளிகளைக் கவனிப்பது, பெரியவர்களைக் கேட்டு நடப்பது ஆகியவை அதற்குரிய பங்கு.

ஒருவர் வகிக்கும் இரண்டு அந்தஸ்துகளின் கோரிக்கைகள் ஒன்றோடொன்று இடித்தால் அது பங்கு மோதல். மில்லில் ஷிப்ட் நேரம், அதே நேரத்தில் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் ஊழியர் என்ற பங்கும் தாய் என்ற பங்கும் மோதுகின்றன.

ஒரே அந்தஸ்துக்குள் இருக்கும் கோரிக்கைகள் ஒன்றையொன்று இழுத்தால் அது பங்கு நெருக்கடி. மருமகள் சம்பாதித்துக் கொண்டு வரவேண்டும் என்று எதிர்பார்க்கும் வீடே, அவள் வேலைக்குப் போகாத மருமகளைப் போலச் சமையலறையில் நிற்கவேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. இங்கே மில்லுக்கும் வீட்டுக்கும் சண்டை இல்லை. மருமகள் என்ற ஒரே பங்குக்குள்தான் இழுபறி. மில்லிலும் இது உண்டு. உற்பத்தி எண்ணிக்கை கூடவேண்டும், நூலில் குறையும் வரக்கூடாது என்று இரண்டையும் ஒரே மேஸ்திரி கேட்பார். தாயிடமும் உண்டு. பாசமாக இருக்கவேண்டும், வீட்டுப்பாடத்துக்காகக் கண்டிக்கவும் வேண்டும்.

இந்தத் துறையில் இரண்டு பெயர்கள் முக்கியமானவை. அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், ஓர் அந்தஸ்தில் இருப்பவரைச் சுற்றி வெவ்வேறு எதிர்பார்ப்புகளுடன் பலர் நிற்கிறார்கள் என்பதை 1957இல் 'பங்குத் தொகுதி' என்ற கருத்தாக விளக்கினார். 1960இல் வில்லியம் குட் இன்னொரு படி மேலே போனார். ஒருவர் மீது விழும் எல்லாக் கடமைகளையும் கூட்டினால் அதை முழுதாக நிறைவேற்றுவது யாருக்குமே முடியாது, எனவே நெருக்கடி என்பது தனி மனிதரின் குறைபாடு அல்ல, இயல்பான நிலை என்றார் அவர். எதை எவ்வளவு நிறைவேற்றுவது என்று மனிதர்கள் ஒவ்வொரு நாளும் பேரம் பேசியே வாழ்கிறார்கள் என்பது அவருடைய முடிவு.

ஒரு வியாழக்கிழமை

இதை நம் வட்டாரத்தில் வைத்துப் பார்க்க ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். எந்தக் குறிப்பிட்ட வீட்டையும் இது குறிக்கவில்லை.

அந்தப் பெண் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமனார், மாமியார், திருமணமாகாத நாத்தனார் ஆகியோருடன் கூட்டுக் குடும்பத்தில் வாழ்கிறார். ராஜபாளையம் அருகே ஒரு நூற்பாலையில் கோன் வைண்டிங் பிரிவில் வேலை. காலை ஷிப்ட் 7 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை. மில் வேன் 6.10க்குத் தெருமுனைக்கு வரும், திரும்பி வர 3.50 ஆகும். மகன் இரண்டாம் வகுப்பு, மகளுக்கு 14 மாதம். கணவர் ஒரு கடையில் வேலை செய்கிறார், இரவு 9.30க்குத்தான் வருவார்.

வேலையும் பயணமும் சேர்ந்து ஒன்பதே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. காலையில் சமையல், மாலையில் பாத்திரமும் துணியும், இரவு உணவு என்று ஐந்து மணி நேரம். பிள்ளைகளுக்கு இரண்டரை மணி நேரம். மீதம் ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. தூக்கம், குளியல், தொழுகை எல்லாம் அதற்குள்தான். இந்தக் கணக்கு மிகைப்படுத்தியது அல்ல. மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் அதில் செலவிடுகிறார்கள். ஆண்களில் அந்த வேலையைச் செய்பவர்கள் செலவிடுவது 88 நிமிடங்கள்.

இப்போது ஒரு வியாழக்கிழமையைப் பார்ப்போம். மாலை 4 மணிக்கு நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள். மூத்த மருமகள் வீட்டில் நிற்கவேண்டும் என்கிறார் மாமியார். காலை 11 மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வருகிறது. மகனுக்குக் காய்ச்சல், அழைத்துப் போங்கள். பிற்பகல் 2 மணிக்கு மேஸ்திரி வருகிறார். அடுத்த ஷிப்டில் ஆள் வரவில்லை, 7 மணி வரை நிற்க முடியுமா, ஓவர்டைம் உண்டு.

இந்த மூவரில் யார் கேட்டதும் அநியாயம் இல்லை. மாமியாருக்கு மகளின் வாழ்க்கை. ஆசிரியைக்குக் குழந்தையின் உடல்நிலை. மேஸ்திரிக்கு நின்றுபோகும் மெஷின். ஒவ்வொருவரும் அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு பங்கைப் பார்க்கிறார்கள், ஒரே ஒரு உதவியைக் கேட்கிறார்கள். மூன்றும் சேர்ந்து ஒரே ஆள் மீது விழுகிறது என்பது அந்தப் பெண்ணுக்கு மட்டுமே தெரியும்.

பெரும்பாலான பெண்கள் இந்த நாளை எப்படிக் கடக்கிறார்கள்? பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன் செய்து மகனை அழைத்து வரச் சொல்வார். மேஸ்திரியிடம் தலைவலி என்பார். வீட்டுக்கு வந்து ஐந்து நிமிடத்தில் சேலை மாற்றி, சிரித்த முகத்தோடு தட்டு எடுத்து வருவார். அன்று எல்லாம் சரியாக முடியும்.

பிரச்சினை அடுத்த வாரம் தொடங்கும். 'அவள் சமாளித்துக் கொள்வாள்' என்று மாமியார் நினைப்பார். 'அவள் அடிக்கடி சாக்குச் சொல்கிறாள்' என்று மேஸ்திரி நினைப்பார். காய்ச்சல் குழந்தைக்கு அம்மா வரவில்லை என்பது பள்ளியின் நினைவில் நிற்கும். மறைத்துச் சமாளித்ததால் அந்தச் சுமை யார் கண்ணுக்கும் படவில்லை. கண்ணில் படாத சுமையை யாரும் குறைக்க மாட்டார்கள், இன்னும் கொஞ்சம் ஏற்றத்தான் செய்வார்கள்.

மெர்ட்டன் சொன்னவற்றில் நமக்கு மிகவும் பயன்படுவது இதுதான். ஒருவரைச் சுற்றி நிற்பவர்களின் கோரிக்கைகள் முரண்படுவது அவர்களுக்கே தெரியவரும்போது, அந்த முரண்பாட்டைத் தீர்ப்பது அவர்களுடைய வேலையாகவும் மாறுகிறது. அதுவரை அது அவள் ஒருத்தியின் வேலையாகவே இருக்கும்.

எந்த வகை என்று கண்டுபிடிப்பது

1985இல் கிரீன்ஹாஸ், பியூட்டெல் என்ற இரு ஆய்வாளர்கள் வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான மோதலை மூன்று வகையாகப் பிரித்தார்கள். நேரத்தால் வருவது, களைப்பாலும் மன அழுத்தத்தாலும் வருவது, நடத்தையால் வருவது.

முதல் வகையைக் கண்டுபிடிக்க எளிய கேள்வி ஒன்று உண்டு. இன்று கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைத்தால் இந்தச் சிக்கல் தீருமா? தீரும் என்றால் அது நேர மோதல். ஷிப்டை மாற்றுவது, அனுமதி கேட்பது, வேறு ஆளை அனுப்புவது போன்றவை அதற்குப் பயன்படும்.

நேரம் இருந்தும் முடியவில்லை என்றால் அது இரண்டாம் வகை. ஞாயிற்றுக்கிழமை மில் விடுமுறை, மகன் கதை கேட்கிறான், ஆனால் அம்மாவுக்கு எரிச்சல்தான் வருகிறது. இங்கே குறைவது நேரம் அல்ல, சக்தி. தூக்கத்தைக் கூட்டாமல் வேறு எதைச் செய்தாலும் இது மாறாது. தொடர்ந்து பல வாரங்கள் தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் அதைக் களைப்பு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

மூன்றாவது வகையைப் பலர் கவனிப்பதே இல்லை. மில்லில் நூல் அறுந்தால் அவள் யாரையும் கேட்காமல் உடனே முடிவெடுக்கவேண்டும், சத்தமாகப் பேசவேண்டும், தவறு கண்டால் சொல்லவேண்டும். இந்தக் குணங்களுக்காக அங்கே பாராட்டு. வீட்டில் அதே குணங்களுக்கு 'வாய் நீண்டுவிட்டது' என்று பெயர். வேனில் இறங்கி வாசலுக்குள் போகும் தூரத்தில் அவள் வேறொரு ஆளாக மாறவேண்டியிருக்கிறது. பல மாமியார் மருமகள் சண்டைகளின் தொடக்கம் என்ன சொன்னாள் என்பதில் இல்லை, எந்தத் தொனியில் சொன்னாள் என்பதில் இருக்கிறது.

வீட்டிலிருந்தே தைக்கும் பெண்களுக்கு நிலைமை வேறு. அவர்களுக்குப் பயணம் இல்லை, ஷிப்ட் இல்லை. ஆனால் எங்கே ஒரு பங்கு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்ற கோடும் இல்லை. வீட்டில்தானே இருக்கிறாள் என்று தையலின் நடுவே பத்து முறை எழுப்புவார்கள். தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் ஒவ்வொரு முறை எழுவதும் கூலியில் கழியும்.

மாமியாருக்கும் ஒரு மோதல் உண்டு

இந்தப் பேச்சில் மாமியாரை எதிராளியாக வைத்துவிடுவது எளிது. அவருடைய இடத்திலிருந்தும் பார்க்கவேண்டும். முப்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்றவர், மருமகள் வந்தால் ஓய்வு என்ற எதிர்பார்ப்போடு இருந்தவர். இப்போது காலை 6.10க்கு மருமகள் வேன் ஏறியதும், 14 மாதக் குழந்தையும் பள்ளிக்குக் கிளம்பும் பேரனும் அவர் கையில். சர்க்கரை நோய் இருக்கிறது, முழங்கால் வலிக்கிறது. பாட்டி என்ற பங்கு இரண்டாவது முறை தாய் என்ற பங்காக மாறிவிட்டது. அதற்குச் சம்பளமும் இல்லை, விடுப்பும் இல்லை.

இதன் மேல் வெளியாட்களின் பார்வை வேறு. இருவர் செய்யும் பேரத்தில் மூன்றாம் மனிதர்கள் எப்போதும் தலையிடுவார்கள் என்று குட் எழுதினார். ஒரு கடமைக்கு என்ன 'விலை' என்பதை அந்த இருவர் மட்டும் முடிவு செய்ய முடியாது. மாமியார் தனியாக இருந்தால் 'ராத்திரி இட்லி போதும்' என்று விட்டுவிடுவார். கொழுந்தியாள் வீட்டார் இருக்கும்போது விட மாட்டார். மருமகளைக் கண்டிப்பது போலத் தெரியும் பல நேரங்களில் அவர் உண்மையில் உறவினர்களுக்குப் பதில் சொல்லிக் கொண்டிருக்கிறார்.

ஐந்து வழிகளும் அவற்றின் விலையும்

நெருக்கடியைக் குறைக்க மனிதர்கள் கையாளும் வழிகளைக் குட் வரிசைப்படுத்தினார். அவற்றில் ஐந்தை நம் மாதிரிக் குடும்பத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, பிரித்து வைப்பது. மில்லில் இருக்கும்போது வீட்டு நினைப்பையும், வீட்டில் மில் நினைப்பையும் ஒதுக்குவது. குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாத நாளில் இது நடக்கும். காய்ச்சல் வந்த நாளில் நடக்காது.

இரண்டாவது, ஒப்படைப்பது. குழந்தையை மாமியாரிடமும் துணி துவைப்பதை ஒரு வேலையாளிடமும் விடுவது. இதில் கவனிக்க வேண்டியது, வேலையை ஒப்படைத்தாலும் பொறுப்பு ஒப்படைக்கப்படுவதில்லை என்பது. மகன் மருந்து சாப்பிட்டானா என்று மில்லிலிருந்து போன் செய்பவள் அவள்தான். மருந்து நேரத்தையும் பள்ளி டைரியையும் முழுதாகக் கணவரோ மாமனாரோ ஏற்றால்தான் அது உண்மையான ஒப்படைப்பு.

மூன்றாவது, சில உறவுகளைக் குறைப்பது. வேலையை விடுவது, தனிக்குடித்தனம் போவது இரண்டும் இந்த வகையில் சேரும். தனிக்குடித்தனம் மருமகள் பங்கின் நெருக்கடியைக் குறைக்கலாம். ஆனால் காலை 6.10க்குக் குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்வி அன்றே எழும். நெருக்கடி குறைந்த இடத்தில் மோதல் கூடும்.

நான்காவது, இன்னொரு பங்கைச் சேர்த்துக் கொண்டு அதைக் காரணம் காட்டுவது. மகளிர் சுயஉதவிக் குழுவில் பொறுப்பேற்ற பெண், கூட்டம் இருக்கிறது என்று ஒரு மணி நேரம் வெளியே வரமுடிகிறது. கூடுதல் வேலைதான், ஆனால் மதிப்பும் ஒரு சாக்கும் கிடைக்கின்றன.

ஐந்தாவது, தடுப்பு வைப்பது. எந்த நேரத்தில் என்னிடம் எதைக் கேட்கலாம் என்பதை முன்கூட்டியே அறிவித்து விடுவது. வாரத்தின் ஷிப்ட் பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டுவது இதன் எளிய வடிவம். அந்த வியாழன் காலை ஷிப்ட் என்பது ஞாயிறன்றே சுவரில் இருந்திருந்தால், பெண் பார்க்கும் நேரத்தை 5 மணிக்கு வைத்திருக்கலாம். மேஸ்திரியிடம் தலைவலி என்று சொல்லாமல், 'வியாழன் மட்டும் ஓவர்டைம் முடியாது, வெள்ளி நிற்கிறேன்' என்று முந்தின நாளே சொல்லியிருக்கலாம். மெர்ட்டன் சொன்னபடி கோரிக்கைகள் ஒன்றையொன்று பார்த்துக் கொள்வது இங்கேதான்.

இதைப் பேசவேண்டியவர் யார் என்பதும் முக்கியம். மாமியாருக்கு மகன், மனைவிக்குக் கணவன் என்று இரண்டு பக்கமும் நிற்பவர் ஒருவர்தான். 'எனக்கு முடியவில்லை' என்று மருமகள் சொன்னால் அது எதிர்ப்பாகக் கேட்கும். 'இந்த வாரம் ராத்திரிச் சமையலை நான் பார்த்துக் கொள்கிறேன்' என்று மகன் சொன்னால் அது ஏற்பாடாகக் கேட்கும். கணவர் வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் இந்த இடம் காலியாக இருக்கிறது. அங்கே மாமனாரோ கொழுந்தனோ அந்தப் பொறுப்பை ஏற்காவிட்டால் நெருக்கடி இரட்டிப்பாகும்.

எது கடமை, எது வழக்கம்

பேரம் பேசும்போது எது விட்டுக்கொடுக்கக் கூடியது என்று தெரிந்திருக்க வேண்டும். முஸ்லிம் குடும்பங்களில் மார்க்கக் கடமையும் ஊர் வழக்கமும் கலந்தே பேசப்படுகின்றன. குடும்பச் செலவு கணவனின் பொறுப்பு, மனைவி சம்பாதித்தது மனைவிக்கே உரியது. பெற்றோரைப் பேணும் கடமை முதலில் பிள்ளைகள் மீது. மருமகள் மாமனார் மாமியாருக்குச் செய்யும் பணிவிடை நன்மைக்குரிய நற்செயல், சட்டக் கடமை அல்ல என்பது அறிஞர்கள் பலரின் விளக்கம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் இருக்கிறது. ஆண் அடுப்படிக்குள் போவது கௌரவக் குறைவு என்பது நாம் சேர்த்துக் கொண்ட வழக்கம்தான்.

சட்டம் தரும் இடம்

மில் பக்கத்தில் உள்ள கோரிக்கைகளைக் குறைக்கச் சட்டத்தில் சில ஏற்பாடுகள் உண்டு. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன்கள் சட்டம் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே சென்று வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை தவிரப் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் உண்டு. காப்பகமும் பாலூட்டும் இடைவேளையும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றன. நம் மாதிரிக் குடும்பத்தின் மகளுக்கு 14 மாதம். காப்பகத்துக்கு அழைத்துப் போனால் அந்த இடைவேளைகள் இன்னும் ஒரு மாதம் அவளுக்கு உரியவை, மாமியாரின் காலைப் பொழுதும் பாதி இலகுவாகும். ஆனால் விடியற்காலை வேனில் கைக்குழந்தையோடு 12 கிலோமீட்டர் போக வசதி இல்லையென்றால் காப்பகம் இருந்தும் பயனில்லை. எனவே காப்பகத்தைப் பற்றிக் கேட்கும்போது வேனைப் பற்றியும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

நெருக்கடி என்று பெயரிடக் கூடாதது

இறுதியாக ஓர் எல்லையைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கோரிக்கைகள் நியாயமானவை, ஆனால் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்னும்போதுதான் பங்கு மோதல் என்கிறோம். சம்பளத்தை வற்புறுத்திப் பறிப்பது, வேலைக்குப் போகவிடாமல் அடைத்து வைப்பது, அடிப்பது, இழிவாகப் பேசிக்கொண்டே இருப்பது ஆகியவை மோதலும் அல்ல, நெருக்கடியும் அல்ல. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல், சொல், மனம் சார்ந்த கொடுமைகளோடு பொருளாதாரக் கொடுமையையும் வன்முறையாகவே கருதுகிறது. அங்கே சுவரில் ஷிப்ட் பட்டியல் ஒட்டிப் பயனில்லை.

அத்தகைய நிலையில் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும், இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணையும் அழைக்கலாம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேயே இயங்குகிறது. பெண்கள் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச சட்ட உதவி கேட்கலாம்.